வறுமைக் கோட்டை எங்கே போடுவது? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முழு வறுமை, ஒப்பீட்டு வறுமை: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க.

உயிரோடும் உடம்பில் தெம்போடும் இருக்க இவ்வளவு சோறு, இவ்வளவு துணி, ஒரு கூரை வேண்டும் என்று அளவை முதலிலேயே வைத்துவிட்டு, அது கிடைக்காதவர்களை எண்ணுவது முழு வறுமை. ஒரு ஊரில், ஒரு காலத்தில், சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்கிறதோ அதிலிருந்து ஒருவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று பார்ப்பது ஒப்பீட்டு வறுமை.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். சண்டை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அந்த முதல் அளவை வைக்கும்போதே நாம் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் வைக்கிறோம் என்கிறது ஒரு தரப்பு. அக்கம்பக்கத்தை மட்டுமே பார்த்தால் பசியைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவோம் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருப்பதால்தான் நூறு வருஷத்துக்கு மேலாகியும் சண்டை ஓயவில்லை.

கடலூரும் பாண்டியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. வறுமைக் கோடு ரெண்டு இடத்துக்கும் ஒண்ணாத்தானே இருக்கும்?

இல்லை. திட்டக் குழு 2011-12-க்கு வெளியிட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு சொன்ன முறையில் போட்ட கணக்கு அது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஒரு ஆளுக்கு மாதம் 880 ரூபாய், நகரங்களுக்கு 937 ரூபாய். புதுச்சேரிக் கிராமங்களுக்கு 1,301 ரூபாய், நகரத்துக்கு 1,309 ரூபாய். மாதம் இதற்கும் குறைவாகச் செலவழிப்பவர் ஏழை.

இப்போது கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் பேருந்தில் ஏறுங்கள். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம். இரண்டு பக்கமும் அதே நெல் வயல், அதே கரும்பு, அதே சந்தை. ஐந்து பேர் உள்ள ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் மாதம் 5,500 ரூபாய் செலவழிக்கிறது என்று வையுங்கள். தலைக்கு 1,100 ரூபாய். ரெட்டிச்சாவடிப் பக்கம் இருந்தால் அந்தக் குடும்பம் கோட்டுக்கு மேலே இருக்கிறது, ஏழை இல்லை. அதே குடும்பம் அதே செலவோடு முள்ளோடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் கோட்டுக்குத் தலைக்கு 201 ரூபாய் கீழே, ஏழை. ஆனால் வீட்டில் வேகும் சோறு ஒன்றுதான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2009-10-இல் புதுச்சேரிக் கிராமங்களின் கோடு 641 ரூபாய்தான், தமிழ்நாட்டுக்கு 639. கிட்டத்தட்ட ஒரே எண். அந்த வருஷம் புதுச்சேரியில் ஏழைகள் 1.2 சதவீதம் என்று கணக்கு வந்தது. இரண்டே வருஷத்தில் புதுச்சேரிக் கிராமங்களின் கோடு இரட்டிப்புக்கும் மேலே போனது; ஏழைகளும் 9.7 சதவீதம் ஆனார்கள். அந்த இரண்டு வருஷத்தில் புதுச்சேரியில் மட்டும் அரிசியும் பருப்பும் இரு மடங்கு விலை ஏறவில்லை. எட்டு மடங்கு மக்கள் திடீரென்று நொடித்தும் போகவில்லை. கோடுதான் நகர்ந்தது.

ஏன் நகர்ந்தது என்றால், கோட்டை வருஷத்துக்கு வருஷம் உயர்த்துவதற்கு, கணக்கெடுப்பில் மாதிரியாக எடுத்த வீடுகள் எந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கின என்பதைத்தான் ஆதாரமாகக் கொள்கிறார்கள். பெரிய மாநிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் மாதிரியில் விழும். ஏற்ற இறக்கம் சமன்பட்டுவிடும். சின்ன யூனியன் பிரதேசத்தில், அதிலும் கிராமப்புறத்தில், விழும் வீடுகள் கொஞ்சம். அதனால் எண் எளிதாக ஆடும். ஒரு இடத்தின் வறுமை ஓரிரு வருஷத்தில் இப்படிக் குதித்தால், ஏழைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் கோட்டின் எண்ணைப் பாருங்கள். தவறு எங்கே என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கலோரி வேணும்னு கணக்கு இருக்கு. அதுக்கு எவ்வளவு காசு ஆகும்னு பார்த்தா முடிஞ்சுது. இதுல சண்டை போட என்ன இருக்கு?

முதலில் இந்தக் கணக்கைப் போட்டவர்களில் முக்கியமானவர் சீபோம் ரவுன்ட்ரீ. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899-இல் தொழிலாளர் வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் இருந்தால் உடம்பு தாங்கும் என்று கோடு போட்டார். சாப்பாட்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், துணி, விறகு, விளக்குக்கெல்லாம் சேர்த்து 4 ஷில்லிங் 11 பென்ஸ். சாப்பாட்டில் கடை இறைச்சி கிடையாது. ரயிலேறி ஊருக்குப் போகக் காசு கிடையாது, செய்தித்தாளுக்குக் கிடையாது, கடிதம் போடத் தபால்தலைக்குக்கூடக் கிடையாது. இதை அவரே வெளிப்படையாக எழுதினார். இவ்வளவு இறுக்கிப் பிடித்த கணக்கிலும் யார்க்கில் ஏறத்தாழ 10 சதவீதம் பேர் அந்தப் பணம்கூட இல்லாதவர்கள். யாரும் அவரைத் தாராளமாகக் கணக்குப் போட்டார் என்று சொல்ல முடியாதபடி கோட்டைக் கீழே வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஆனால் 1936-இல் அதே ஊரில் அதே மனிதர் மறுபடி கணக்கெடுத்தபோது, கோட்டுக்குள் வானொலியும் செய்தித்தாளும் வந்துவிட்டன. முப்பத்தேழு வருஷத்தில் மனித உடம்புக்கு வானொலி தேவையாகிவிடவில்லை. யார்க்கில் சாதாரண வாழ்க்கை மாறியிருந்தது. மாறாத கோடு என்று வைத்ததும் கூடவே நகர்ந்தது. முழு வறுமையின் தந்தை என்று சொல்லப்படுபவர் வேலையிலேயே ஒப்பீடு உள்ளே நுழைந்துவிட்டது என்று பின்னால் வந்த சமூகவியலாளர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

நம் ஊர்க் கதையும் அதேதான். 1979-இல் அலக் தலைமையிலான குழு, கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று அளவு வைத்தது. 1973-74 விலையில் கிராமத்தில் மாதம் 49 ரூபாயும் நகரத்தில் 57 ரூபாயும் சுமாராக வந்தது. பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. அந்தக் குழு கலோரிக்குத்தான் அளவு வைத்தது. துணி, மருந்து, பள்ளிக்கூடம் எதற்கும் அளவு வைக்கவில்லை. மாதம் எவ்வளவு செலவழிக்கும் வீடுகள் 2,400 கலோரியைத் தொடுகின்றன என்று பார்த்து, அந்த வீடுகளின் மொத்தச் செலவையே கோடாக எடுத்துக்கொண்டது. அதாவது, மருந்துக்கு எவ்வளவு போதும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அந்த நிலையில் இருந்தவர்கள் எவ்வளவு செலவழித்தார்களோ அதுவே போதும் என்று ஆகிவிட்டது. காசில்லாமல் வைத்தியரிடமே போகாதவரின் மருத்துவச் செலவும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறது.

கலோரி வரைக்கும் கணக்கு அறிவியல். அதைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் ஒரு முடிவு. அந்த முடிவை யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்பதுதான் சண்டை.

கல்யாணத்துக்கு மொய் வைக்க முடியலைன்னா அதையும் வறுமைன்னு சொல்லுவீங்களா?

நான் சொல்வேன். ஏன் என்று விளக்குகிறேன்.

ஆடம் ஸ்மித் 1776-லேயே ஒரு உதாரணம் கொடுத்தார். லினன் சட்டை இல்லாமலும் மனிதன் உயிர் வாழலாம். கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமல் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாள்கூலிக்காரர் லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவார். ஆகவே அது அத்தியாவசியம்.

கடலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நோட்டில் பெயர் இல்லை என்றால், நாளைக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம் வரும்போது கைகொடுக்க ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு உட்கார ஆள், பெண்ணுக்கு வரன் சொல்ல ஆள், வேலைக்குக் கூட்டிப்போக ஆள், அவசரத்துக்குக் கடன் கொடுக்க ஆள், எல்லாம் இந்த உறவு வழியாகத்தான் வருகிறது. மொய் வைக்க முடியாத குடும்பம் முதலில் பத்திரிகை வந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தும். அப்புறம் பத்திரிகை வருவதே நிற்கும். அரிசி இருந்தும் அந்த வீடு ஊரிலிருந்து மெல்ல விலகிப்போகிறது.

சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் பிரிட்டனில் 1968-69-இல் பெரிய கணக்கெடுப்பு நடத்தி, 1979-இல் வெளியிட்ட நூலில் சொன்னது இதைத்தான். தான் வாழும் சமூகத்தின் வழக்கமான உணவு, பழக்கங்கள், நிகழ்ச்சிகளில் பங்கெடுக்க முடியாத அளவுக்கு வருமானம் குறைந்தவர் ஏழை என்றார். பன்னிரண்டு அடையாளங்களைப் பட்டியல் போட்டார். கடந்த நாலு வாரத்தில் உறவினரையோ நண்பரையோ வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களா, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சமைத்தார்களா, பெரும்பாலான நாள் காலையில் சமைத்துச் சாப்பிட்டார்களா என்பது போல. வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் இந்த இல்லாமைகள் மெல்ல அல்ல, சட்டென்று கூடுகின்றன என்று அவர் கண்டார். அந்தத் திருப்பம் எங்கே வருகிறதோ அங்கேதான் கோடு என்றார். அறிஞர் மேசையில் உட்கார்ந்து கோடு போட வேண்டாம், மக்கள் வாழ்க்கையே கோட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை.

மீன், கறி வாங்காத வீடெல்லாம் ஏழை வீடா? எங்க வீட்ல யாரும் சாப்பிடவே மாட்டோமே?

டவுன்சென்டுக்கு வந்த மிகக் கூர்மையான எதிர்ப்பே இதுதான். 1981-இல் டேவிட் பியஷோ இதைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சமைக்காதவர் சைவமாக இருக்கலாம், காலையில் சமைக்காதவருக்கு ரொட்டியே பிடித்திருக்கலாம். முடியாததையும் வேண்டாததையும் ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள் என்றார்.

நம் மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். வடலூரில் வள்ளலார் வழியில் புலால் உண்ணாத குடும்பம் ஒன்று. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தும் மாதக் கடைசியில் மத்தி மீன்கூட வாங்க முடியாத குடும்பம் ஒன்று. "கடந்த இரண்டு வாரத்தில் மீன், இறைச்சி வாங்கினீர்களா?" என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் பதில் "இல்லை". படிவத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். முதல் வீட்டுக்கு அது கொள்கை, இரண்டாவது வீட்டுக்கு அது இல்லாமை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜோனா மேக், ஸ்டூவர்ட் லான்ஸ்லி இருவரும் 1983-இல் வேறு வழி பிடித்தார்கள். அவர்கள் இரண்டு மாற்றம் செய்தார்கள். ஒன்று, எது அத்தியாவசியம் என்று தாங்களே பட்டியல் போடாமல், பொதுமக்களிடமே கேட்டார்கள்; பாதிப் பேருக்கு மேல் "இது இல்லாமல் யாரும் வாழக் கூடாது" என்று சொன்னது மட்டும் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு, ஒரு பொருள் இல்லை என்று சொன்னவரிடம் "வேண்டாமா, வாங்க முடியவில்லையா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். முடியாததை மட்டும் எண்ணினார்கள். அப்படி மூன்றோ அதற்கு மேலோ இல்லாதவர் ஏழை.

எனக்கு இந்த முறை மேல் மதிப்பு அதிகம். கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்து ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தார்கள். ஆனால் ஒரு சிக்கல் அதிலும் மிஞ்சுகிறது. ரொம்ப நாள் இல்லாமையிலேயே வாழ்ந்தவர் "எனக்கு வேண்டாம்ப்பா" என்றுதான் சொல்வார். அறுபது வயதுப் பாட்டியிடம் தீபாவளிக்குப் புதுப் புடவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுக்கு, பிள்ளைங்களுக்கு எடுத்தா போதும்" என்பார். படிவத்தில் அது விருப்பம் என்று பதிவாகும். கணக்கெடுக்கப் போகும் மாணவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பதில் வந்தால் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கடைசியாக எப்போது எடுத்தீர்கள், அப்போது ஏன் எடுத்தீர்கள் என்று பேச்சைத் தொடருங்கள். வேண்டாதவருக்கும் விட்டுக்கொடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பேச்சில் வெளியே வரும்.

ஐரோப்பாவுல நடு வருமானத்துல 60 சதவீதம்னு கோடு போடுறாங்களாமே. அது எளிமையா இருக்கே, இங்கேயும் அப்படியே போட்டா என்ன?

எளிமைதான். எல்லாரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்தைக் கோடாக வைக்கிறார்கள். பணக்கார நாடுகளை ஒப்பிடும்போது பல இடங்களில் 50 சதவீதம். இதன் குறையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் தெருவில் ஐந்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மாத வருமானம் 2,000, 3,000, 4,000, 5,000, 9,000. நடுவில் 4,000, கோடு 2,400. ஒரு வீடு ஏழை.

இப்போது ஒரு புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது; பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. கூலி வேலையும் தோப்பு வருமானமும் ஒரே இரவில் போயின. நம் கற்பனைத் தெருவில் எல்லாருக்கும் வருமானம் பாதியாகிறது என்று வையுங்கள்: 1,000, 1,500, 2,000, 2,500, 4,500. நடு 2,000, கோடு 1,200. ஏழை வீடு இன்னமும் ஒன்றுதான். தெருவே ஒருவேளைச் சோற்றுக்கு இறங்கிவிட்டது, கணக்கில் எந்த மாற்றமும் இல்லை.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். புயலுக்கு முந்தைய தெருவிலிருந்தே மறுபடி தொடங்குவோம். அடியில் உள்ள வீட்டின் 2,000 ரூபாய் முதியோர் உதவித்தொகையாலும் ரேஷனாலும் குறையாமல் தப்பிக்கிறது. நடு வீட்டின் தோப்பு போய் 4,000 என்பது 3,200 ஆகிறது. மூன்றாயிரக்காரர் தப்பித்தார் என்றால் நடு வருமானம் 3,200, கோடு 1,920. அடி வீடு கோட்டுக்கு மேலே வந்துவிட்டது! ஒரு ரூபாய்கூட அதற்குக் கூடவில்லை. இது வெறும் கற்பனை இல்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2010-11-இல் பிரிட்டனில் நடு வருமானம் சரிந்ததாலேயே ஒப்பீட்டு வறுமை குறைந்ததாகக் கணக்கு வந்தது.

இங்கே இந்த முறைக்கு இன்னொரு தடையும் உண்டு. யாருடைய நடு? முள்ளோடைக்காரரைப் புதுச்சேரி நகரத்தோடு ஒப்பிடுவதா, தமிழ்நாட்டோடா, இந்தியா முழுவதோடா? இந்தியா முழுவதையும் எடுத்தால் நம் பக்கத்தில் ஏழைகள் மிகக் குறைவாகத் தெரிவார்கள். புதுச்சேரியை மட்டும் எடுத்தால் அதிகமாகத் தெரிவார்கள். அந்த மனிதர் தன்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவர் பிள்ளை யாரோடு வேலைக்குப் போட்டி போடுகிறது என்பதை எந்த எல்லைக்கோடும் சொல்லாது.

அப்போ அமர்த்தியா சென் என்னதான் சொல்றார்? அவர் முழு வறுமைக் கட்சியா, ஒப்பீட்டுக் கட்சியா?

1983-இல் அவர் எழுதிய கட்டுரைக்கு டவுன்சென்ட் 1985-இல் மறுப்பு எழுத, சென் அதற்குப் பதில் எழுதினார். பல மாணவர்கள் சென் நடுவில் நிற்கிறார் என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அவர் கேள்வியையே இரண்டாகப் பிரித்தார். ஒரு மனிதரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி இருக்க முடிகிறது என்பது ஒன்று. அதற்கு என்ன பொருள் தேவை என்பது இன்னொன்று. முதலாவது மாறாதது, இரண்டாவது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும்.

ஒரு பிள்ளை படிப்பில் வகுப்போடு சேர்ந்து போக முடிய வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ அதற்குச் சிலேட்டும் புத்தகமும் போதும். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது அதற்கு ஒரு ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டியிருந்தது. போன் இல்லாத பிள்ளை 1975-இல் சிலேட்டு இல்லாத பிள்ளையை விட வசதியாக இல்லை. இருவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். போனைப் பார்த்து "கூலிக்காரர் வீட்டில் போன் இருக்கிறது, இவர் என்ன ஏழை" என்று சொல்பவர் பொருளை மட்டும் பார்க்கிறார்.

டவுன்சென்ட் இதை ஏற்கவில்லை. தேவைகளே சமூகம் உண்டாக்குபவை, இதில் மாறாத மையம் என்று தனியாக ஒன்று இல்லை என்றார். சென்னின் பதில்: ஊரில் எல்லாரும் பட்டினி கிடந்தால் யாரும் யாரையும் விடப் பின்தங்கவில்லை, ஆனாலும் அது வறுமைதான். புயல் அடித்த நம் தெருவை வைத்துப் பார்த்தால் இந்த இடத்தில் நான் சென் பக்கம்தான் நிற்பேன்.

ஆஸ்பத்திரிச் செலவு கூடினா வறுமைக் கோட்டுக்கு மேலே போயிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். நம் நாட்டில் கோடு வருமானத்தை வைத்து அல்ல, செலவை வைத்துப் பார்க்கப்படுகிறது. ஏன் என்றால் கூலி, மீன்பிடி, சிறு வியாபாரம் செய்பவரிடம் மாத வருமானம் என்ன என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. செலவைக் கேட்டால் சொல்லிவிடுவார். இது நியாயமான காரணம். ஆனால் விளைவைப் பாருங்கள்.

2011-12 கணக்குப்படி, கடலூரில் நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் 3,400 ரூபாய் செலவழிக்கிறது. தலைக்கு 850, நகரக் கோடு 937, ஏழை. அந்த வருஷம் பாட்டிக்கு அறுவை சிகிச்சை, தனியார் மருத்துவமனையில் 18,000 ரூபாய். மருத்துவமனையில் தங்கிய செலவை முந்தைய ஒரு வருஷத்துக்குக் கேட்டு, அதை மாதக் கணக்காக்குவார்கள்: 1,500 ரூபாய். மொத்தம் 4,900, தலைக்கு 1,225. குடும்பம் கோட்டுக்கு மேலே போய்விட்டது. அந்த 18,000-மும் வட்டிக்கு வாங்கியது என்பது இதில் எங்கும் வராது. அதே சிகிச்சை பக்கத்து வீட்டுக்காரருக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்திருந்தால், அவர் கணக்கில் ஏழையாகவே இருப்பார். கடனில் மூழ்கியவர் ஏழை இல்லை, தப்பித்தவர் ஏழை.

செலவு கூடியதால் ஒரு குடும்பம் கோட்டைத் தாண்டியிருந்தால், கூடியது சாப்பாட்டிலா மருந்திலா என்று பிரித்துப் பாருங்கள். சாப்பாட்டுச் செலவு அப்படியே நின்றோ குறைந்தோ மருந்து மட்டும் கூடியிருந்தால், அது முன்னேற்றம் இல்லை.

உலக வங்கி ஒரு நாளைக்கு 3 டாலர்னு சொல்லுது. அது 250 ரூபாய்க்கு மேலே வருமே?

வராது. அது பணமாற்று விலை டாலர் இல்லை. அந்தந்த நாட்டில் எவ்வளவு பொருள் வாங்கலாம் என்று சமப்படுத்திய டாலர். 2021 விலையில் இந்தியாவில் சுமார் 60 ரூபாய். இன்னொரு விஷயம்: ஏழை நாடுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடுகளைத் திரட்டித்தான் இந்த எண்ணை எடுக்கிறார்கள். உலகுக்கே பொதுவான முழு வறுமைக் கோடும் சிலருடைய ஒப்பீட்டிலிருந்து பிறந்ததுதான்.

தமிழ்நாட்டுல ஏழைங்க 2.2 சதவீதம், பாண்டியில 1 சதவீதம்கூட இல்லைன்னு செய்தியில பார்த்தேன். நம்பலாமா?

எண் சரி. நிதி ஆயோக் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கு அது: தமிழ்நாடு 2.20 சதவீதம், புதுச்சேரி 0.85 சதவீதம். ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு என்று பன்னிரண்டு அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு இல்லாமை இருந்தால் ஏழை.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். நம் பக்கம் மின் இணைப்பும் வங்கிக் கணக்கும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வந்துவிட்டன. எல்லாரிடமும் இருக்கும் பொருளை வைத்து அளந்தால் யாரும் ஏழையாகத் தெரிய மாட்டார்கள். பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட அந்தப் பட்டியல் நல்லது. கடலூரின் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் யாருக்கு உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க அது போதாது. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வீட்டில் எதை அடகு வைத்தீர்கள் என்று கேட்டால் வேறு படம் கிடைக்கும்.

இந்தச் சண்டையில யார் ஜெயிச்சாலும் சாதாரண ஆளுக்கு என்ன ஆகப்போகுது?

எங்கே கோடு போடுகிறோமோ அங்கே ஒரு அட்டை பிறக்கிறது. புதுச்சேரியில் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் சிவப்பு ரேஷன் அட்டை, மேலே என்றால் மஞ்சள். சலுகைகளில் பல அந்த நிறத்தைப் பார்த்து வருகின்றன. தமிழ்நாடு பொது விநியோகத்தில் வேறு வழி போனது: அரிசி வாங்க ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம்.

இரண்டு வழியிலும் தவறு நேரும், ஆனால் வேறு வேறு விதத்தில். கோடு போட்டால் வசதியானவர் சிலர் சிவப்பு அட்டைக்குள் நுழைவார்கள், தகுதியானவர் சிலர் வெளியே நிற்பார்கள். கோடே போடாவிட்டால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள், அரசுக்குச் செலவு கூடும். பாகூர்ப் பக்கத்தில் கணவரை இழந்த ஒரு பெண், மகன் எப்போதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததால் வந்த மஞ்சள் அட்டையை மாற்ற அலைகிறார் என்று வையுங்கள். அவரிடம் கேட்கப்படும் சான்றுகள் வருமானச் சான்று, விசாரணை அறிக்கை. அவர் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார் என்பதையோ, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார் என்பதையோ எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. டவுன்சென்டும் மேக்கும் லான்ஸ்லியும் சேர்க்கச் சொன்ன கேள்விகள் இவைதான்.